வராமல் போன மெயில்கள்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. பாத்திரக்கடைக்காரர். ஏழெட்டு வருடமாக என்னிடம்தான் காலண்டர் போடுகிறார்.

"அண்ணாச்சி, அட்வான்ஸ் போட ஒரு அக்கவுண்ட் நம்பர் அனுப்பிருக்கியளே, போன வருசம் தந்தது வேறல்லா? பேங்கை மாத்திட்டியளா?"

நான் அவருக்கு எந்த அக்கவுண்ட் நம்பரும் அனுப்பவில்லை. சொல்லப்போனால் அவர் மேல் எனக்குத்தான் லேசான வருத்தம். காலண்டரின் அடியில் வரும் கடைப் பெயர், முகவரி, படம் எல்லாம் வைத்து ப்ரூஃப் அனுப்பி ஆறு நாள் ஆகியிருந்தது. மனிதர் ஒரு பதிலும் போடவில்லை. வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார் போல என்று நினைத்திருந்தேன். அவரோ மூன்று முறை பதில் போட்டிருக்கிறார். மூன்றாவது பதிலுக்கு 'நானே' அக்கவுண்ட் நம்பரும் அனுப்பியிருக்கிறேன்.

சிவகாசியில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர்களுக்கு ஆடி 18-லிருந்து ஆண்டு முடியும் வரை மூச்சு விட நேரம் இருக்காது. ஆடிப்பெருக்கு அன்று அச்சகங்கள் புது வருடக் காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிடும், அன்றிலிருந்து ஆர்டர்தான். ப்ரூஃப் போவது, திருத்தம் வருவது, 'ஓகே' வருவது, அட்வான்ஸ் கேட்பது எல்லாமே எனக்கு ஒரே ஜிமெயில் கணக்கில். பதினோரு வருடக் கணக்கு வழக்கு அதில் இருக்கிறது. அதற்குள் ஒருவன் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தான், எனக்குத் தெரியவில்லை.

கணக்கைத் திருடினால் பாஸ்வேர்டை மாற்றி நம்மை வெளியே தள்ளிவிடுவான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முகநூலில் அப்படித்தான் நடக்கிறது: 'என் கணக்கு ஹேக் ஆகிவிட்டது, யாரும் பணம் அனுப்ப வேண்டாம்' என்று மறுநாளே நண்பர்கள் பதிவு போடுகிறார்கள். என் கணக்குக்குள் வந்தவன் அப்படிச் செய்யவில்லை. பாஸ்வேர்டைத் தொடவில்லை. நானும் அவனும் ஒரே கடையில் இரண்டு கல்லாப்பெட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி வேலை நடந்திருக்கிறது. நான் டிசைன் செய்வேன், ப்ரூஃப் அனுப்புவேன். பணம் வாங்கும் இடம் வந்ததும் அவன் குறுக்கே வந்து பேசுவான்.

போனை வைத்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். அட்வான்ஸ் பாக்கி இருந்த வாடிக்கையாளர்கள் பதினாலு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டேன். பதினோராவது ஆள், தூத்துக்குடி ஹார்டுவேர் கடைக்காரர், "முந்தாநாளே 22,000 போட்டுட்டேனே" என்றார். அவரை வைத்தே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். பணம் போட்டவரின் வங்கி விவரமும் பரிவர்த்தனை எண்ணும்தான் அவர்கள் முதலில் கேட்பது. அப்புறம் cybercrime.gov.in-இல் புகாரும் பதிவு செய்தோம். இரண்டு நாள் கழிந்திருந்ததால் பெரும்பகுதி வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. 9,000 ரூபாயை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது. மீதியை நான் அவர் பில்லில் கழித்துவிட்டேன். ஓட்டை என் கணக்கில்தானே இருந்தது.

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, ஆள் வெளியே போய்விட்டான் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அது தப்பு.

மறுநாள் காலை கண்டுபிடித்தது என் மனைவி. "ஏங்க, எல்லாருக்கும் போன் போட்டீங்களே, நாலஞ்சு பேர் மெயில் அனுப்புறேன்னாங்களே, ஒண்ணுமே வரலையே?" என்று கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் தன் போனிலிருந்து எனக்கு ஒரு மெயில் போட்டாள். 'சாப்பிட வாங்க' என்று எழுதியது வந்தது. அடுத்து advance என்று ஒற்றை வார்த்தை போட்டு அனுப்பினாள். அது வரவில்லை. ஸ்பேமிலும் இல்லை.

ஜிமெயிலின் தேடும் பெட்டியில் `in:anywhere advance` என்று அடித்தால் இன்பாக்ஸ், ஸ்பேம், குப்பை எல்லாவற்றிலும் சேர்த்துத் தேடும். அடித்தேன். மனைவியின் மெயில் இருந்தது. படித்ததாகக் குறிக்கப்பட்டு, இன்பாக்ஸுக்கு வராமலே உள்ளே போயிருந்தது. நாகர்கோவில்காரரின் மூன்று பதில்களும் அங்கேதான் கிடந்தன. "proof ok. advance evlo anupanum, account no anupunga." பாவம், மூன்று முறை கேட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து மேலே பல்சக்கரத்தை அமுக்கி, See all settings போய், Filters and Blocked Addresses என்ற பகுதியைத் திறந்தேன். பதினோரு வருடத்தில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஒரே ஒரு வடிகட்டி இருந்தது:

```
Matches: advance OR payment OR account OR bank
Do this: Skip Inbox, Mark as read
```

இவ்வளவுதான். இந்த நான்கு வார்த்தைகளில் ஒன்று இருந்தாலும் அந்த மெயில் இன்பாக்ஸுக்கு வராது. படிக்காத மெயில் எண்ணிக்கையும் கூடாது. போனில் சத்தமும் கேட்காது. ப்ரூஃப் திருத்தம் பற்றிய மெயில்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த வடிகட்டி கணக்குக்குள் எழுதி வைத்த ஒரு கட்டளை. பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் அது அழியாது. எழுதியவன் வெளியே போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

அதை அழித்தேன். மூன்று பதில்களுக்குப் பிறகு நாகர்கோவில்காரர் எழுதியது எதுவும் எங்கும் இல்லை என்பது மட்டும் உறுத்தியது. அவரிடமே கேட்டேன். போனில் அந்த மெயிலைத் திறந்து பதில் போடுகிற பொத்தானை அமுக்கிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க மெயில்ல கடைசில graphics-ன்னுதான வரும்? இதுல எஸ் இல்லையே."

கள்ளக் கதவு அந்த ஒற்றை எழுத்தில் இருந்தது. மெயில் என் உண்மையான முகவரியிலிருந்துதான் போகிறது. பதில் மட்டும் வேறு முகவரிக்குப் போகும்படி வைத்திருக்கிறான். அதே அமைப்புகளில் Accounts and Import என்ற பகுதியில் Send mail as என்று இருக்கும். உங்கள் முகவரிக்கு நேரே edit info அமுக்கினால் reply-to என்று வேறு முகவரி கொடுக்க இடம் உண்டு. அங்கே எஸ் இல்லாத முகவரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் அதை வைத்த நேரத்திலிருந்து அந்த நிமிடம் வரை நான் அனுப்பிய மெயில்களுக்கு யார் பதில் போட்டாலும் அது நேராக அவனுக்குத்தான் போயிருக்கும்.

அப்புறம்தான் ஒழுங்காக ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கொண்டு எல்லா மூலையையும் பார்த்தேன். Forwarding and POP/IMAP பகுதியில் மெயில்களை வெளியே அனுப்பும் முகவரி ஏதும் இல்லை. Accounts and Import-இலேயே Grant access to your account என்று ஒரு வரி இருக்கும். வேறொருவர் தன் பாஸ்வேர்டால் வந்து நம் மெயிலைப் படிக்க அனுமதி கொடுக்கும் இடம் அது. அதிலும் ஒன்றும் இல்லை. கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகளில் எனக்கு அடையாளம் தெரியாத இரண்டு இருந்தன. நானே எப்போதோ கொடுத்ததாகக் கூட இருக்கலாம். இரண்டையும் நீக்கினேன், ஒன்றும் நின்றுபோகவில்லை.

மீட்பு எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. பாஸ்வேர்டு மறந்துபோனால் குறியீடு அனுப்ப ஒரு எண் கொடுப்போமே, அந்த இடத்தில் கடை ஆரம்பித்தபோது எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்த பையனின் எண் இருந்தது. அவன் வேலையை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. அவன் நல்ல பையன்தான், ஆனால் அந்த எண் இன்னும் அவனிடம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைத் துண்டித்து, குறைந்தது 90 நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். என் பதினோரு வருடக் கணக்கின் மாற்றுச் சாவி முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப்பையில் இருந்திருக்கலாம். என் எண்ணையும் மனைவியின் மெயிலையும் மீட்புக்குக் கொடுத்தேன்.

இந்த மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும் உடனே எல்லாம் போய்விடாது. மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணையோ பழைய மெயிலையோ வைத்துக் கணக்கை மீட்க கூகுள் வழி வைத்திருக்கிறது. 'பண்டிகை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளினால் அந்த ஏழு நாள் ஓடிவிடும்.

பண்டிகை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. myaccount.google.com போய் Security பகுதியைத் திறந்தால் Recent security activity என்று ஒரு பட்டியல் வரும். கடந்த 28 நாளில் புதிதாக எங்கே உள்நுழைந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். நான் பார்த்தபோது ஒன்பது நாளைக்கு முன்னால் அதிகாலை 3.12-க்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் புதிய உள்நுழைவு என்று இருந்தது. என் கடைக் கம்ப்யூட்டர்களும் விண்டோஸ்தான், ஆனால் 3.12-க்கு கடையில் எலிதான் இருக்கும்.

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள். அன்று காலை போனில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது, புதிய சாதனத்தில் உள்நுழைவு, நீங்கள்தானா என்று. துணிக்கடை, பட்டாசுக்கடை, பலகாரக்கடை என்று இருபது விளம்பர அறிவிப்புகளுக்கு நடுவில் இருந்தது. கையில் எண்ணெய். விரலின் பின்பக்கத்தால் மொத்தத்தையும் தள்ளிவிட்டேன். அதே எச்சரிக்கை மெயிலாகவும் வந்திருக்கும். அதை அவன் அழித்திருப்பான். ஆனால் இந்தப் பட்டியலில் அது அப்படியே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அறிகுறி அது ஒன்று மட்டும் இல்லை. காலையில் கடைக்கு வந்தால் இரண்டொரு மெயில் படித்ததாகத் தெரியும். கடைப் பையன்கள் திறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். தினமும் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர்கள் பணம் என்று வந்தவுடன் ஊமையானார்கள். தீபாவளிப் பண நெருக்கடி என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயமான விளக்கம் இருந்தது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

இப்போது திங்கள்கிழமை தோறும் ஒன்று செய்கிறேன். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து மெயில் பட்டியலின் அடியில் வலது ஓரத்தைப் பாருங்கள். Last account activity என்று பொடி எழுத்தில் இருக்கும்; பக்கத்தில் Details. அதை அமுக்கினால் கடைசியாக இந்தக் கணக்குக்குள் எங்கிருந்து, எதன் வழியாக, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று சின்னப் பட்டியல் திறக்கும். போன் செயலியில் இது கிடையாது. முதல் தடவை பார்க்கிறவர்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். என் போனில் பார்க்கும் நெட் சென்னை என்றோ மதுரை என்றோ காட்டும், சிவகாசி என்று காட்டியதே இல்லை. ஆகவே நான் ஊரைப் பார்ப்பதில்லை. மணியைப் பார்ப்பேன், வேறு நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன், நாங்கள் பயன்படுத்தாத பிரவுசரோ சாதனமோ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எப்படி உள்ளே வந்தான் என்பதற்கும் விடை கிடைத்தது, கிட்டத்தட்ட. haveibeenpwned.com என்ற தளத்தில் மெயில் முகவரியை அடித்தால், அது எந்தெந்தத் தளத்தின் திருட்டுப்போன தகவலில் இருக்கிறது என்று காட்டும். என் முகவரி, பூ வேலைப்பாடு, பார்டர் டிசைன் எல்லாம் இறக்கிக்கொள்ள நான் முன்பு கணக்கு வைத்திருந்த ஒரு தளத்தின் பட்டியலில் இருந்தது. அங்கே கொடுத்த பாஸ்வேர்டும் ஜிமெயில் பாஸ்வேர்டும் ஒன்றுதான். கடைப் பெயர், கூடவே தொடங்கிய வருடம். இதற்கு மேல் அவன் என்ன கஷ்டப்பட வேண்டும்?

சரி, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு வருகிறேன். அதைப் போட்டிருந்தால் அவன் 3.12 மணிக்குச் சரியான பாஸ்வேர்டை அடித்தும் வாசலிலேயே நின்றிருப்பான். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது அதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அது புதிதாக வருகிறவனைத்தான் வாசலில் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் சாதனத்தை Your devices பட்டியலில் பார்த்து நாம்தான் வெளியேற்ற வேண்டும். வடிகட்டியையும் பதில் முகவரியையும் நாம்தான் அழிக்க வேண்டும். அதனால்தான் நான் அதைக் கடைசியில் போட்டேன்.

Security பகுதியில் 2-Step Verification என்று இருக்கிறது. உள்ளே போனால் பல வழிகள் காட்டும். எஸ்.எம்.எஸ். குறியீடுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் குறியீடு அவனுக்குப் போகும். என் கடை இருக்கும் சந்தில் மழை பெய்தால் டவர் கிடைக்காது என்பது இன்னொரு தொல்லை. நான் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கியூ.ஆர். கட்டம் காட்டும், அதற்குள் ஒரு ரகசிய எண் ஒளிந்திருக்கிறது. போனால் ஸ்கேன் செய்தவுடன் அந்த ரகசியம் போனுக்கும் வந்துவிடும். அப்புறம் போனும் கூகுளும் தனித்தனியாக அதே ரகசியத்தையும் அந்த நேரத்து மணியையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஆறு இலக்க எண்ணுக்கு வரும். 30 வினாடிக்கு ஒரு முறை எண் மாறும். இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இல்லை என்பதால் டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

எல்லாம் புரிந்து ஆறு இலக்கத்தை அடித்தேன். தவறு என்றது. அடுத்த எண்ணுக்குக் காத்திருந்து அடித்தேன். தவறு. செயலியை அழித்துத் திரும்பப் போட்டு, திரும்ப ஸ்கேன் செய்து, முக்கால் மணி நேரம் போராடினேன். அருகில் நின்ற பையன்தான், "அண்ணே, உங்க போன்ல மணி ஏன் அஞ்சு நிமிஷம் கூட ஓடுது?" என்றான். அச்சகத்துக்குப் ப்ளேட் கொடுக்கத் தாமதமாகக் கூடாது என்று கடைக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைக்கிற பழக்கம் எனக்கு. போனையும் அப்படித்தான் வைத்திருந்தேன். குறியீடு மணியை வைத்துத்தான் பிறக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் போன், கூகுள் இன்னும் எட்டாத நேரத்தின் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதி, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி போனில் மாற்றினேன். முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது.

அடுத்த கேள்வி, போன் தொலைந்தால் என்ன செய்வது? 2023-லிருந்து இந்தச் செயலி தன்னிடம் உள்ள ரகசியங்களை நம் கூகுள் கணக்கிலேயே சேமித்து வைக்க முடியும். மற்ற கணக்குகளுக்கு அது வசதிதான். ஆனால் அதே கூகுள் கணக்கைத் திறக்க வேண்டிய குறியீடு அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தால், சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகத்தான் Backup codes. பத்து எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். புதிதாக ஒரு பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது.

அச்சுத்தொழில்காரன் புத்தி, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்யக் கொண்டுபோனேன். மனைவி தடுத்துவிட்டாள். பயன்படுத்திய எண்ணைப் பேனாவால் அடிக்க வேண்டாமா என்று கேட்டாள். நியாயம்தான். சாதாரணத் தாளில் இரண்டு பிரதி. ஒன்று வீட்டில் ரேஷன் கார்டு உறைக்குள், இன்னொன்று கடைப் பத்திரங்களோடு. டிரைவில் சேமிக்கவில்லை, போனில் படம் எடுத்தும் வைக்கவில்லை.

கடையில் ஒரே கணக்கை மூன்று பேர் பயன்படுத்துவது வேறு தலைவலி. இரண்டடுக்கு போட்ட முதல் வாரம், பையன்கள் யாராவது உள்நுழையும்போதெல்லாம் எனக்குப் போன். நான் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், "அண்ணே, நம்பர் சொல்லுங்க" என்பான். இதில் இருக்கும் ஆபத்து பிறகுதான் உறைத்தது. போனில் குறியீடு கேட்டால் சொல்வது என்று எனக்கே நான் பழக்கப்படுத்திக்கொண்டிருந்தேன். நாளைக்கு வேறு யாராவது அதே அவசரக் குரலில் கேட்டால்? கடையின் இரண்டு கம்ப்யூட்டரிலும் நானே உட்கார்ந்து ஒரு முறை உள்நுழைந்து, Don't ask again on this device என்பதை டிக் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த இரண்டும் கேட்பதில்லை. வெளியில் பிரவுசிங் சென்டரிலோ வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலோ அந்த டிக்கைத் தொட மாட்டேன். போனில் குறியீடு சொல்வது நின்றுவிட்டது. என் மகளே கேட்டாலும் கிடையாது.

இரண்டடுக்கு போட்டபின் அறிகுறிகளும் மாறிவிட்டன என்பதைத் தை மாதம்தான் கண்டேன். இரவு இரண்டே முக்கால் இருக்கும். போன் வெளிச்சம். 'நீங்கள் உள்நுழைய முயல்கிறீர்களா?' என்று கூகுள் கேட்டு நிற்கிறது, Yes, No என இரண்டு பொத்தான். ஒரு நிமிடத்தில் இன்னொன்று. மூன்றாவதும் வந்தது. தூக்கக் கலக்கத்தில் தொல்லை விடட்டும் என்று நான் Yes அமுக்கிவிடுவேன் என்பதுதான் அவன் கணக்கு. No அமுக்கினேன். ஆனால் அதோடு தூங்கப் போகவில்லை. இந்தக் கேள்வி வருகிறது என்றால் வாசலில் நிற்பவன் பாஸ்வேர்டைச் சரியாக அடித்துவிட்டான் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கேட்காமல் வரும் எஸ்.எம்.எஸ். குறியீடும் அப்படித்தான். பூட்டு தாங்கிவிட்டது என்று சந்தோஷப்படலாம், ஆனால் முதல் சாவி அவன் கையில் இருக்கிறது. விடியும்வரை பொறுக்காமல் பாஸ்வேர்டை மாற்றினேன்.

புதுப் பாஸ்வேர்டு வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வேறெங்கும் பயன்படுத்தவும் இல்லை. எப்படிப் போயிற்று? காலையில் பையன்களை உட்காரவைத்து அமைதியாகக் கேட்டேன். ஒருவன் தலையைச் சொறிந்தான். வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட தமிழ் எழுத்துரு விலைக்குத்தான் கிடைக்கும் என்பதால் எங்கிருந்தோ ஒரு 'கிராக்' இறக்கியிருக்கிறான். நிறுவும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னதாம், நிறுத்தியிருக்கிறான். எங்கள் தொழிலில் இது புதிதில்லை, நானும் பத்து வருடம் அப்படி ஓட்டியவன்தான், அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதிரிக் கிராக்குகளில் ஒட்டிக்கொண்டு வரும் சில நிரல்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும் எடுப்பதில்லை. 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்தான்' என்று தளம் நம் பிரவுசரில் வைத்திருக்கும் அடையாளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதை வைத்து வருகிறவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, இரண்டாவது குறியீடும் கேட்காது. இரண்டடுக்கு அங்கே உதவாது. எங்களுக்கு வந்தவன் பாஸ்வேர்டோடு மட்டும் வந்தது அதிர்ஷ்டம். அந்தக் கம்ப்யூட்டரை நெட்டிலிருந்து கழற்றி, விண்டோஸை முழுதாக அழித்துத் திரும்பப் போட்டோம். பாஸ்வேர்டை இரவே என் போனிலிருந்து மாற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மாற்றியிருந்தால் புதியதும் அவனுக்குப் போயிருக்கும். அப்புறம் Your devices பட்டியலில் என் போனைத் தவிர எல்லாவற்றையும் வெளியேற்றினேன். வடிகட்டி, பதில் முகவரி, மீட்பு எண் மூன்றையும் மறுபடி பார்த்தேன். அவன் எதையும் தொடவில்லை.

போலிப் பக்கங்களிலும் இதே எல்லைதான். கூகுள் போலவே இருக்கும் பக்கத்தில் பாஸ்வேர்டையும் அந்த ஆறு இலக்கத்தையும் நாமே அடித்தால், அவன் அடுத்த வினாடியே அதை உண்மையான பக்கத்தில் அடித்துவிடுவான். 30 வினாடி அவனுக்குத் தாராளம். இதற்கு மாற்றாக பாஸ்கீ என்று வந்திருக்கிறது. போனில் கைரேகை வைத்தால் போதும். அடிக்க எண்ணே இல்லை. தளத்தின் முகவரியோடு அது கட்டப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. என் போனில் அதைப் போட்டுவிட்டேன். கடைக் கம்ப்யூட்டர்களுக்குப் பழைய முறைதான் ஓடுகிறது, பையன்கள் கைரேகையை எல்லாம் சேர்த்து எதற்கு என்று.

நாகர்கோவில்காரர் இந்த வருடமும் காலண்டர் போட்டார். அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் போன் போட்டு, என்னைச் சொல்லவிடாமல் அக்கவுண்டின் கடைசி நாலு எண்ணை அவரே வாசித்துக் காட்டுகிறார். நான் ஆமாம் என்றதும், "இது நீங்கதான, அண்ணாச்சி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பணம் போடுகிறார். ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கும் தாளில் இதுவரை இரண்டு எண்களை அடித்திருக்கிறேன், எட்டு பாக்கி இருக்கிறது.